ஃபில்லர் எங்கே விழும், ஏன் விழும்: நருட்டோவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நருட்டோவின் முதல் தொடரில் 220 எபிசோடுகள். 135 வரை கதை அம்பாகப் பாய்கிறது. 136-இல் தொடங்கி 219 வரை பெரும்பாலும் மூலமான மங்காவில், அதாவது காமிக்ஸில், இல்லாத கதைகள். இவற்றைத்தான் ஃபில்லர் என்கிறார்கள். நண்பன் சாஸ்கே ஊரைவிட்டுப் போய்விட்டான், நாயகன் நருட்டோ மருத்துவமனையில் கிடக்கிறான், அடுத்து என்ன ஆகும் என்று நெஞ்சு படபடக்கும் இடத்தில் பல்லக்குக்குக் காவல் போவது, புதையல் தேடுவது என்று கதை எங்கோ திரும்பிவிடுகிறது. ஸ்டுடியோக்காரர்களுக்குச் சோம்பல், காசாசை என்று பலரும் திட்டுகிறார்கள். அது பாதிகூட உண்மை இல்லை. காரணம் ஒரு கணக்கு. பள்ளியில் படித்த தொட்டிக் கணக்குதான். அதைப் போடத் தெரிந்தால் எந்தத் தொடரில் எப்போது ஃபில்லர் வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம், எதைத் தாண்டலாம் என்பதையும் முடிவு செய்யலாம்.

முதல் படி: தொட்டிக் கணக்கைப் போடுங்கள்

தேவை மூன்று எண்கள். அனிமே தொடங்கிய நாளில் மங்காவில் எத்தனை அத்தியாயம் கையிருப்பு இருந்தது, ஆண்டுக்கு எத்தனை புதிய அத்தியாயம் வருகிறது, ஓர் எபிசோடுக்கு எத்தனை அத்தியாயம் செலவாகிறது.

மசாஷி கிஷிமோட்டோவின் நருட்டோ, வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் 1999 செப்டம்பரில் தொடங்கியது. ஸ்டுடியோ பியரோ எடுத்த அனிமே 2002 அக்டோபரில் ஒளிபரப்புக்கு வந்தது. நடுவில் மூன்றாண்டு இடைவெளி. அந்தக் காலத்தில் சேர்ந்த கையிருப்பு ஏறத்தாழ 140 அத்தியாயம். வார இதழ் என்றாலும் ஆண்டுக்கு 52 வராது. புத்தாண்டு, கோடை விடுமுறைகளில் இரட்டை இதழ் போடுவார்கள், ஆசிரியரும் அவ்வப்போது ஒரு வாரம் ஓய்வெடுப்பார். ஆகவே வரத்து ஆண்டுக்கு 46 என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி செலவு. முதல் 135 எபிசோடுகள் 238 அத்தியாயங்களைத் தின்றன. அந்த 135-க்குள்ளும் எட்டு எபிசோடுகள் ஃபில்லர் (26, 97, 101 முதல் 106 வரை). அவற்றைக் கழித்தால் 127 எபிசோடுக்கு 238, அதாவது எபிசோடுக்கு 1.87 அத்தியாயம். ஆண்டுக்கு ஐம்பது எபிசோட் என்றால் 90-க்கும் மேல்.

வரத்து 46, செலவு 92. தொட்டி ஆண்டுக்கு 46 அத்தியாயம் வற்றுகிறது. 140-ஐ 46-ஆல் வகுத்தால் மூன்று ஆண்டு. 2002 அக்டோபரில் தொடங்கிய தொடர் 2005 கடைசியில் மங்காவின் முதுகில் முட்டிக்கொள்ளும். நடந்தது என்ன? 135-ஆவது எபிசோட் ஒளிபரப்பானது 2005-இன் நடுப்பகுதியில். கணக்கு சொல்வதற்குச் சில மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். அந்தச் சில மாதம் ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டாம் படி: தொட்டியின் அடியில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று பாருங்கள்

135 முடிந்தபோது மங்கா சுமார் 260-ஐ எட்டியிருந்தது. அனிமே 238-இல் நிற்கிறது. இருபது அத்தியாயத்துக்கு மேல் கையில் இருக்கிறதே, இன்னும் பத்துப் பன்னிரண்டு எபிசோட் ஓட்டலாமே என்று தோன்றும். முடியாது. எபிசோட் ஒளிபரப்பாகும் வாரத்தில் எழுதப்படுவதில்லை. திரைக்கதை எழுதி, ஸ்டோரிபோர்டு போட்டு, கீ அனிமேஷன், இடைப்படங்கள், வண்ணம், பின்னணி, குரல் பதிவு என்று எல்லாம் முடியப் பல மாதம் பிடிக்கும். ஒரே நேரத்தில் பல குழுக்கள் வெவ்வேறு எபிசோடில் வேலை செய்துகொண்டிருப்பதால்தான் வாரத்துக்கு ஒன்று வெளியே வருகிறது.

ஆக, இன்று ஒளிபரப்பாகும் எபிசோடுக்கும் இன்று எழுத்தாளர் மேசையில் இருக்கும் எபிசோடுக்கும் நடுவே நான்கு மாதம் என்று வைத்தால், அங்கேயே பதினாறு பதினேழு எபிசோட் நிற்கிறது. எபிசோடுக்கு 1.87 வீதம் அவற்றுக்கு முப்பது அத்தியாயம் வேண்டும். கையில் இருப்பதோ இருபதுக்குச் சற்று மேல். எழுத்தாளரின் மேசையில் இருந்து பார்த்தால் தொட்டி அப்போதே காலி. இனி வரப்போகும் அத்தியாயத்தை கிஷிமோட்டோ இன்னும் வரையவே இல்லை.

தேவையான அடிமட்டம் என்பது அத்தியாய எண்ணிக்கை மட்டும் இல்லை. கதை எங்கே நிற்கிறது என்பதும் சேரும். பாதிச் சண்டையில் கையிருப்பு தீர்ந்தால் நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. நருட்டோவுக்கு நல்ல வாய்ப்பாக 238-இல் முதல் பாகம் முடிந்துவிட்டது. 239 முதல் 244 வரை நருட்டோவின் ஆசான் ககாஷியின் இளமைக்கால முன்கதை, 245-இல் இரண்டரை ஆண்டு தாண்டி இரண்டாம் பாகம். இதைவிட வசதியான இடைவெளி கிடைக்காது என்று அங்கேயே நங்கூரம் போட்டார்கள்.

மூன்றாம் படி: ஸ்டுடியோவிடம் இருந்த மற்ற வழிகளையும் எடைபோடுங்கள்

ஒளிபரப்பை நிறுத்திவைப்பதுதான் நேர் வழி. அந்தக் காலத்தில் மாலை நேர இடம் ஒன்றை டிவி நிறுவனத்திடம் பிடித்த தொடர், அதை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைப்பது அரிது. விளம்பரதாரர்கள், பொம்மை, விளையாட்டு அட்டை, வீடியோ கேம் விற்பவர்கள் எல்லாரும் வாராவாரம் அந்தப் பெயர் திரையில் வருவதை நம்பி முதல் போட்டிருப்பார்கள். வேலை செய்யும் குழுக்களையும் ஓராண்டு சும்மா உட்காரவைக்க முடியாது. அதனால் நிறுத்துவது கடைசித் தேர்வாக இருந்தது.

இழுப்பது இன்னொரு வழி. எபிசோடுக்கு இரண்டு அத்தியாயத்தை ஒன்றாகக் குறைப்பது. வரத்து வாரத்துக்கு 0.9 அத்தியாயம் என்பதால், செலவையும் 0.9-க்குக் கொண்டுவந்தால் ஃபில்லரே இல்லாமல் எந்தக் காலத்துக்கும் ஓட்டலாம். ஆனால் வார இதழ் அத்தியாயம் என்பது பத்தொன்பது பக்கத்துக்கு முன்பின். தலைப்புப் பாட்டு, முடிவுப் பாட்டு, அடுத்த வார முன்னோட்டம் போக எபிசோடில் மிஞ்சுவது இருபது நிமிடம். 0.9 அத்தியாயம் என்றால் பதினேழு பக்கத்தை இருபது நிமிடத்துக்கு இழுக்க வேண்டும். கையால் இரண்டு நொடியில் புரட்டும் சண்டைப் பக்கம் ஒன்று திரையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும்!

ஒன் பீஸ் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் போனது. ஃபில்லர் எண்ணிக்கை குறைவு, ஆனால் பிற்காலத்தில் ஓர் எபிசோடுக்கு ஓர் அத்தியாயமோ அதற்கும் குறைவோ. டிராகன் பால் இசட் இரண்டையும் செய்தது. நாமெக் கோள் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று ஃப்ரீசா சொன்ன பிறகு சண்டை பத்து எபிசோடுக்குக் கிட்ட நடந்தது ரசிகர்கள் எல்லாரும் அறிந்ததே. அந்தச் சண்டைகள் முடிந்ததும் கார்லிக் ஜூனியர் கதை, 108 முதல் 117 வரை, முழுக்க ஸ்டுடியோவின் சொந்தச் சரக்கு.

தனி முடிவு எழுதிக்கொள்வது மூன்றாவது வழி. 2003-இல் வந்த ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் அதைச் செய்தது. மங்கா அப்போதுதான் இரண்டு ஆண்டைக் கடந்திருந்தது. பாதியில் பிரிந்து 51 எபிசோடில் தனக்கென ஒரு முடிவைக் கட்டிக்கொண்டது. துணிச்சலான வேலை, நன்றாகவும் வந்தது. ஆனால் மங்காவின் கதையைச் சொல்ல 2009-இல் இன்னொரு தொடரை முதலில் இருந்து எடுக்க வேண்டியிருந்தது. நருட்டோவைப் போல ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டிய தொடருக்கு இது ஒத்துவராது.

இனி ஃபில்லரின் கணக்கு. சாதாரண வாரத்தில் 1.87 செலவாகி 0.9 வருகிறது, கையிருப்பு ஒன்று குறைகிறது. ஃபில்லர் வாரத்தில் செலவே இல்லை, 0.9 வருகிறது, ஏறத்தாழ ஒன்று கூடுகிறது. அதாவது ஒரு ஃபில்லர் எபிசோட் வாங்கித்தருவது ஒரே ஒரு உண்மை எபிசோடுக்கான காலம். இரண்டு மூன்று எபிசோட் இட்டுநிரப்பிவிட்டு ஓராண்டு ஓட முடியாது. 136 முதல் 219 வரை 84 எபிசோட் என்ற எண் பூதாகரமாகத் தெரியலாம். அது சேர்த்துத்தந்தது எண்பது அத்தியாயம்தான். 2007 பிப்ரவரியில் இரண்டாம் பாகத்தைச் சொல்லும் ஷிப்பூடென் தொடர் தொடங்கியபோது மங்கா 340-க்கு அருகே இருந்தது. 245-இல் இருந்து எடுக்க வேண்டியவர்களுக்குக் கையில் சுமார் 95 அத்தியாயம்.

பழைய வேகத்தில் போயிருந்தால் அது இரண்டு ஆண்டில் தீர்ந்திருக்கும். அதனால் வேகத்தையும் குறைத்தார்கள். கஸெகாகேயை மீட்கும் முதல் ஆர்க், அதாவது முதல் கதைப்பகுதி, 245 முதல் 281 வரையிலான 37 அத்தியாயம், 32 எபிசோட் எடுத்துக்கொண்டது. எபிசோடுக்கு 1.16. அப்படியும் வரத்தைவிடச் செலவு கூடுதல்தான். ஆகவே 57-இல் ஒரு ஃபில்லர் ஆர்க், 91-இல் ஒன்று, 144-இல் ஒன்று என்று சின்னச் சின்னத் தவணைகளாகக் கட்டினார்கள். முதல் தொடரில் கடனை மொத்தமாகக் கட்டியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பார்ப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

நான்காம் படி: ஃபில்லர் கதை ஏன் சப்பென்று இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

எழுத்தாளர்கள் திறமையற்றவர்கள் என்பதால் இல்லை. அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: வாடகை வீடு போல, எடுத்த இடத்தில் எல்லாவற்றையும் எடுத்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும். மங்கா அடுத்து எங்கே போகும் என்பது தெரியாது. எனவே யாரும் சாகக்கூடாது, யாரும் புதிதாக எதையும் கற்றுவிடக்கூடாது, எவரோடும் எவருக்கும் உறவு மாறக்கூடாது, பெரிய மர்மம் எதுவும் உடையக்கூடாது.

இந்தச் சட்டத்தை 2005-இன் நருட்டோவில் பொருத்திப் பாருங்கள். சாஸ்கே வில்லன் ஒரோச்சிமாருவிடம் போய்விட்டான், அவனைக் காட்ட முடியாது. காட்டினால் நருட்டோ அவனைச் சந்திக்க வேண்டும், சந்தித்தால் கதை நகர்ந்துவிடும். அகாட்ஸுகி அமைப்பைத் தொடக்கூடாது, அவர்களின் திட்டம் மங்காவிலேயே முழுதாக வெளிவரவில்லை. நருட்டோவுக்கு ரசெங்கன் என்ற தாக்குதலுக்கு மேல் எதுவும் தரக்கூடாது, ஏனென்றால் இரண்டாம் பாகத்தில் அவன் என்ன கற்றுத் திரும்புவான் என்பது ஆசிரியருக்கே உரியது. மிஞ்சுவது என்ன? கொனோஹா கிராமம், அங்கே இருக்கும் மற்ற சிறுவர்கள், வெளியூர் வேலைகள். அதனால்தான் எல்லாக் கதையும் ஒரே அச்சில் விழுகிறது. ஒரு சிறு நாட்டில் இருந்து வேலை வருகிறது, அங்கே மனத்தில் புண்பட்ட ஒருவர் இருக்கிறார், இதுவரை கேள்விப்படாத வில்லன் வருகிறான், கடைசியில் நருட்டோ ரசெங்கனால் முடிக்கிறான், அந்த நாட்டை இனி யாரும் பேசமாட்டார்கள்.

மெத்தப் பாதிக்கப்பட்டது 136 முதல் 141 வரையிலான கதை. மங்காவில் மருத்துவமனைக் காட்சிக்குப் பிறகு நருட்டோ தன் குரு ஜிராயாவோடு பயிற்சிக்குக் கிளம்புகிறான். அனிமேயில் கிளம்புமுன் குழுத்தோழி சகுராவையும் சேர்த்துக்கொண்டு ஒரோச்சிமாருவின் மறைவிடத்துக்குப் போகிறார்கள். போனால் சாஸ்கே இல்லை. இருக்கக்கூடாது என்பது சட்டம், ஆகவே முடிவு முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது. தேடும் கதையில் தேடியது கிடைக்காது என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிட்டால் அதில் உயிர் நிற்காது.

சட்டத்துக்குள்ளேயே நல்ல கதையும் எழுத முடியும். ஒன் பீஸின் 196 முதல் 206 வரை வரும் ஜி-8 ஆர்க் அதற்கு நல்ல சான்று. வான்தீவில் இருந்து கீழே விழும் கப்பல், கடற்படைத் தளம் ஒன்றின் நடுவே வந்து இறங்கிவிடுகிறது. கதாபாத்திரங்களின் குறிக்கோள் வெளியே தப்பிப்பது மட்டும். எதிரியான துணை அட்மிரல் ஜோனதன் மூளையால் விளையாடுபவர், யாருடைய பலமும் கூடவோ குறையவோ தேவையில்லை. தப்பித்ததும் எல்லாம் பழைய நிலைக்கு வருவது கதைக்கே இயல்பான முடிவாகிவிடுகிறது. ஷிப்பூடெனில் 349 முதல் 361 வரை ஆன்பு என்ற ரகசியப் படையில் ககாஷி இருந்த காலத்தைச் சொல்லும் கதையும் இப்படித்தான். இறந்தகாலம் என்பதால் விளைவு ஏற்கெனவே நமக்குத் தெரியும். எழுத்தாளர் எதையும் கெடுத்துவிடுவாரோ என்ற கட்டு அவிழ்ந்துவிடுகிறது. ஃபில்லரில் நல்லதைத் தேடுகிறீர்கள் என்றால், தப்பிக்கும் கதையையும் முன்கதையையும் முதலில் பாருங்கள்.

ஐந்தாம் படி: எங்கே செருகியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள்

ஒரே தரமுள்ள ஃபில்லர் ஓரிடத்தில் பொறுத்துக்கொள்ளும்படியும் இன்னோரிடத்தில் கோபம் வரும்படியும் இருப்பது இடத்தைப் பொறுத்தது. ப்ளீச் தொடரிலேயே இரண்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. சோல் சொசைட்டி ஆர்க் 63-இல் முடிந்த பிறகு பவுண்ட் கதை வந்தது, 109 வரை நீண்டது. நீளம் அதிகம், ஆனால் இரண்டு பெரிய கதைகளுக்கு நடுவே நின்றது. மாறாக 168-இல் தொடங்கிய அமகாய் கதை, ஹுவேகோ முண்டோவில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது குறுக்கே வந்தது. நேற்று எதிரிக் கோட்டையில் குருதி சிந்திக்கொண்டிருந்தவர்கள் இன்று ஒரு விளக்கமும் இல்லாமல் வேறிடத்தில் இருக்கிறார்கள். 189 வரை அது ஓடி, 190-இல் விட்ட சண்டை தொடர்கிறது. கையிருப்பு அடிமட்டத்தைத் தொட்ட வேளையில் மங்காவில் இடைவெளி எதுவும் இல்லாமல் போனால் இந்த விபத்துதான் நடக்கும்.

ஆறாம் படி: பட்டியல் இல்லாமலே கண்டுபிடியுங்கள்

எபிசோடின் கடைசி நிகழ்வை எடுத்துக்கொண்டு அது மங்காவின் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று பாருங்கள். முந்தைய எபிசோட் முடிந்த அத்தியாயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுழியம் என்றால் ஃபில்லர். அரை அத்தியாயம் என்றால் கலப்பு. கலப்பைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். ஃபில்லர் தொகுப்புக்குள் இருக்கும் 141-இல் சகுரா சுனாடேயிடம் சீடராகச் சேரும் காட்சி வருகிறது. அவள் பின்னால் மருத்துவ நின்ஜாவாக நிற்பதற்கு அதுதான் வேர். மொத்தமாகத் தாண்டிவிட்டால் அது போய்விடும்.

மங்கா கையில் இல்லாதவர்கள் கடிகாரத்தைப் பயன்படுத்தலாம். தலைப்புப் பாட்டு முடிந்து முந்தைய வாரச் சுருக்கம் ஓடி, புதிய காட்சி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிவுப் பாட்டு தொடங்கும் நேரத்தில் இருந்து அதைக் கழியுங்கள். பதினெட்டு இருபது நிமிடம் இருந்தால் இயல்பு. பல வாரம் தொடர்ந்து பதினாறுக்குக் கீழே போய், நின்ற படத்தின் மேல் கேமரா நகர்வதும், பழைய காட்சி திரும்ப வருவதும், ஒரே அடிக்கு ஆறு பேர் முகம் காட்டுவதும் கூடினால், கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. ஃபில்லர் ஆர்க் பக்கத்தில்தான்.

இப்போது வரும் தொடர்களில் இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது. பன்னிரண்டு பதின்மூன்று வாரம் ஓட்டி, நிறுத்தி, கையிருப்பு சேர்ந்ததும் திரும்ப வருகிறார்கள். 2012-இல் 366 எபிசோடோடு நின்ற ப்ளீச், மங்கா முழுதும் முடிந்த பிறகு 2022-இல் இப்படித்தான் பகுதி பகுதியாகத் திரும்பியது. காத்திருப்பு நீண்டது. ஆனால் நடுவில் பவுண்ட்டும் இல்லை, அமகாயும் இல்லை.

ஏழாம் படி: நருட்டோவை இந்த வரிசையில் பாருங்கள்

1 முதல் 135 வரை பாருங்கள். 26-ஐ விடலாம், அது பெரும்பாலும் நடந்ததன் தொகுப்பு. 97-ஐயும் 102 முதல் 106 வரையும் விடலாம். 101-ஐ மட்டும் பாருங்கள். ககாஷியின் முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மூன்று பேரும் துரத்தும் எபிசோட் அது. எதையும் மாற்றாமல், இந்த நால்வரும் ஒன்றாக இருந்த காலத்தை ஆசைதீரக் காட்டுகிறது. பின்னால் குழு சிதறும்போது அதன் அருமை தெரியும்.

135-க்குப் பிறகு 141-இல் சகுரா வரும் காட்சி, பிறகு நேராக 220. அதில் நருட்டோ ஜிராயாவோடு கிளம்புகிறான். அங்கிருந்து ஷிப்பூடென் 1.

மங்காவையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒன்று. 2005-இல் அனிமே தொடாமல் ஒதுக்கிய 239 முதல் 244 வரையிலான ககாஷி முன்கதை, ஷிப்பூடெனின் 119, 120 எபிசோடுகளில்தான் வந்தது. அனிமே வரிசையில் போகிறவர்கள் அங்கே பார்க்கலாம். மங்கா வரிசையை விரும்புகிறவர்கள் 220 முடிந்ததும் இந்த இரண்டைப் பார்த்துவிட்டு ஷிப்பூடென் 1-க்குப் போகலாம்.